செக்ரோலில் ஓர் அரைப்பேர்

"இந்த மாசம் ஒனக்கு எத்தனை பேரு?" என்று தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் வினவுவதைப் புதிதாகக் கேட்பவர் சற்றுத் திகைப்பர். வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கிறார்கள் போலும் என எண்ணுவர். மலைநாட்டில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே பேர் என்பது ஒரு நாள் வேலை. காலை முதல் மாலை வரை வேலை செய்தவருக்கு ஏட்டில் ஒரு முழுப்பேர் விழும். பாதி நாளோடு நின்றவருக்கு அரைப்பேர் விழும். பேர் விழாத நாளுக்குக் காசு இல்லை. ஆகையால், "எத்தனை பேர்" என்னும் அந்தக் கேள்வி, "எத்தனை நாட்சம்பளம் உன் கைக்கு வரும்" என்பதேயாகும்.

அந்தப் பேர்கள் விழும் ஏட்டுக்குத் தோட்டத்தில் செக்ரோல் என்று பெயர். வீதி, பாலம், கட்டட வேலைத் தலங்களில் இதனையே மஸ்டர் ரோல் என்பர். பெயர் எதுவாயினும் உருவம் ஒன்றே. ஆளுக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ஆளின் எண்ணும் பெயரும். அதனையடுத்து மாதத்தின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு சிறு கட்டம். கட்டங்கள் முடிந்ததும் மொத்த நாள், நாட்சம்பள வீதம், மொத்தச் சம்பளம், பின்னர் கழிவுகள், ஈற்றில் கையில் கொடுக்கவேண்டிய மிகுதி என நீண்டு செல்லும் அகன்ற தாள் அது. இன்று பல தோட்டக் கந்தோர்களில் இத்தாளைக் கணினியே அச்சிட்டுத் தருகிறது. எனினும் கட்டத்துள் எதனை இடுவது என்பதை இன்றும் மலையில் நிற்கும் ஒரு மனிதரே தீர்மானிக்கிறார். அவர் எழுதியதைக் கணினி பிழையின்றிப் பெருக்கும். தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவற்றையும் பிழையின்றிப் பெருக்கும்.

இந்த ஏட்டைச் சரிபார்ப்பது எப்படி என்பதையே இவ்வாரம் பார்க்கப்போகிறோம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எந்த மாணவரும் தம் தாய் தந்தையரின் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு இதனைச் செய்யலாம். ஆனால் கூட்டலும் பெருக்கலும் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு பேர் ஏட்டுக்கு வந்து சேரும் வழியை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். விடியற்காலையில் ஆட்கள் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பர். பிரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மரூஉ என்பர். அங்கே தலைகள் எண்ணப்பட்டு, இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் புல்லு வெட்ட, இத்தனை பேர் கவ்வாத்துக்கு என்று வேலை பிரிக்கப்படும். மலைக்குப் போனதும் கணக்கப்பிள்ளை தம் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு ஏட்டில் தம் மேற்பார்வையில் நிற்பவர்களைக் குறித்துக்கொள்வார். கொழுந்து நிறுக்கப்படும்போது அவரவர் கிலோ வேறாக எழுதப்படும். மாலையில் சிறு ஏடு கந்தோருக்கு வரும். அங்கே கிளாக்கர் அதனைப் பெரிய செக்ரோலுக்கு மாற்றி எழுதுவார். ஆகவே பிரட்டுக்களம், மலை, கந்தோர் என்று மூன்று இடங்களைக் கடந்தே ஒரு பேர் தன் கட்டத்தை அடைகிறது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கும் ஒவ்வொரு வேளையும் பிழை புகுவதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இனி ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு. முப்பது பேர் கொண்ட ஒரு கொழுந்துக் கூட்டம். காலம் 2025ஆம் ஆண்டில் ஒரு மாதம். அவ்வாண்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2024 செப்டெம்பரில் வந்த வீதம் அது. கணக்கு சிக்கலாகாமலிருக்க, மேலதிகக் கிலோவுக்குரிய காசு, ஊக்குவிப்புப் பணம், விடுமுறை நாள் வேலை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வேலை, ஏட்டை இரு திசையிலும் கூட்டுவது. ஒவ்வொருவருடைய வரியையும் இடமிருந்து வலமாகக் கூட்டினால் அவர் வேலை செய்த நாட்கள் கிடைக்கும். ஒவ்வொரு திகதியின் கட்டங்களையும் மேலிருந்து கீழாகக் கூட்டினால் அந்த நாளில் வேலைக்கு வந்தோரின் தொகை கிடைக்கும். முப்பது வரிகளின் கூட்டுத்தொகைகளைச் சேர்த்தாலும், முப்பது திகதிகளின் கூட்டுத்தொகைகளைச் சேர்த்தாலும் ஒரே எண் வரவேண்டும். ஒரே நெல்லை மரக்காலால் அளந்தாலும் படியால் அளந்தாலும் நெல் மாறாதல்லவா? நம் உதாரணத்தில் இருபுறமும் 642½ பேர் என்றே வருகிறது. எனவே கூட்டலில் பிழையில்லை.

திகதிவாரியான தொகைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரட்டுக்களத்தில் அன்று காலையில் எண்ணிய எண்ணிக்கை வேறொரு சீட்டில் இருக்கும். பன்னிரண்டாந் திகதி இக்கூட்டத்தில் 26 பேர் மலைக்கு அனுப்பப்பட்டதாகச் சீட்டுச் சொல்லி, ஏட்டில் 27 பேர் என்று இருந்தால், அந்த ஒரு நாளின் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். மாதம் முழுவதையும் கிளறவேண்டியதில்லை.

அடுத்தது பணம். ஒவ்வொரு வரியாக நாளையும் வீதத்தையும் பெருக்கிப் பார்ப்பது நல்லதுதான். அதற்கு நேரம் பிடிக்கும். கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் வீதம் ஒன்றாக இருக்கும்போது ஒரு குறுக்குவழி உண்டு. 642½ பேரை 1,350 ரூபாவால் ஒரே முறை பெருக்கினால் 8,67,375 ரூபா. மொத்தச் சம்பளம் என்ற நிரலின் அடியிலும் இதே தொகை இருக்கவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழிலாளியிடம் கழிப்பது நூற்றுக்கு எட்டு. ஆகவே அந்த நிரலின் அடியில் 69,390 ரூபா நிற்கவேண்டும். அரைப்பேருக்குரிய 675 ரூபாவில் நூற்றுக்கு எட்டு என்பது சரியாக 54 ரூபா. ஆதலால் இந்த வீதத்தில் சதங்கூடப் பிசகுவதற்கு இடமில்லை. ஒரு ரூபா குறைந்தாலும் எங்கோ ஒரு வரியில் கை தவறியிருக்கிறது என்று பொருள்.

எங்கே என்று தேடுவதற்குப் பழைய கிளாக்கர்மார் கையாளும் ஓர் உபாயத்தை மாணவர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கவேண்டும். மீதமின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம்மாறியிருக்கக்கூடும். 30,375 என்று எழுதவேண்டியதை 30,735 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 360. அது நாற்பது ஒன்பது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறும் எந்த எண்ணிலும் இப்படியே நேரும். இது திடமான சாட்சியன்று. வேறு காரணத்தாலும் ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வரலாம். ஆயினும் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைப்போல் உதவுவது வேறில்லை.

இவ்வளவும் பார்த்து எல்லாம் ஒத்துவந்துவிட்டால் ஏடு சரி என்று ஒப்பமிடலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நம் உதாரணக் கூட்டத்தின் ஏட்டில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மேற்சொன்ன கணக்குகளில் ஒன்றேனும் அவற்றைக் காட்டவில்லை.

செக்ரோலில் 147ஆம் எண்ணுக்குரிய பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏட்டின்படி அவருக்கு முழுப்பேர் 21, அரைப்பேர் 3, மொத்தம் 22½. சம்பளம் 30,375 ரூபா. கழிவுகளில் சேமலாப நிதி 2,430, மாத நடுவில் வாங்கிய முற்பணம் 5,000, தீபாவளி முற்பணத் தவணை 2,500, சங்கச் சந்தா 200. கழிவு மொத்தம் 10,130. கைக்கு 20,245 ரூபா. கூட்டல் கழித்தலில் குறையேதும் இல்லை.

அவரோ தமக்கு 23 பேர் என்று சொல்கிறார். அவரிடம் ஓர் அட்டை இருக்கிறது. தினமும் கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறித்துக்கொடுக்கும் அட்டை அது. மழையில் நனைந்து மூலை மடிந்து மஞ்சளாகிப் போயிருந்தாலும் எண்கள் தெரிகின்றன. அதன்படி 22 முழு நாள், 2 அரை நாள். வேற்றுமை பன்னிரண்டாந் திகதியில். ஏட்டில் அன்று அவருக்கு அரைப்பேர். அட்டையிலோ காலையிலும் மாலையிலும் கிலோ குறிக்கப்பட்டிருக்கிறது.

கந்தோரில் உள்ள கொழுந்து நிறைப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கவேண்டிய இடம் இது. அன்று மதியம்வரை அவர் ஒரு மலையில் நின்றார். மதியத்துக்குப் பின் வேறொரு கணக்கப்பிள்ளையின் மலைக்கு அனுப்பப்பட்டார். காலை அரைநாளை முதற் கணக்கப்பிள்ளை ஒழுங்காக 147க்கு எழுதினார். மாலை அரைநாளை எழுதிய இரண்டாமவரோ, தமக்குப் பழக்கமில்லாத ஆளாதலால், 147 என்பதை 174 என்று தம் சிறு ஏட்டில் எழுதிவிட்டார். கிளாக்கர் கண்டதைக் கண்டபடி மாற்றி எழுதினார். 174ஆம் எண்ணுக்குரியவர் அன்று வேலைக்கே வரவில்லை. வெறுமையாக இருந்த அவர் கட்டத்தில் அரைப்பேர் ஒன்று வந்து அமர்ந்துவிட்டது.

இருவரும் ஒரே கூட்டத்தில் இருப்பதால், ஒரு வரியில் குறைந்த அரை மற்றொரு வரியில் கூடிவிட்டது. அன்றைய நிரலின் தொகை மாறவில்லை. மாதத்தின் மொத்தமும் மாறவில்லை. பிரட்டுச் சீட்டோடு ஒப்பிட்டாலும் சரியே. குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டும் முறை எவ்வளவு பேர் என்பதை அறியுமேயன்றி எவருடைய பேர் என்பதை அறியாது. இதனை வெளிப்படுத்தக்கூடியவை இரண்டே: ஒன்று, தொழிலாளியின் கையில் இருக்கும் அட்டை, மற்றது, ஏட்டிலிருந்து பிறக்காத நிறைப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் மாலை நிறையில் 147க்கு நேரே கிலோ இருக்கிறது, 174க்கு நேரே ஒன்றும் இல்லை. கொழுந்து பறிக்காமல் கொழுந்துப்பேர் விழ முடியாது. இந்த ஒப்பீட்டை மாதத்தில் எல்லா நாளும் செய்வது இயலாத காரியம். ஆள் மலை மாறிய நாட்களையும் அரைப்பேர் விழுந்த கட்டங்களையும் மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். எண்ணில் மட்டுமன்றிப் பெயரிலும் இத்தகைய குழப்பம் நேரும். ஒரே கூட்டத்தில் மாரியாயிகள் மூவரும் இராமாயிகள் இருவரும் இருப்பது சகஜமல்லவா?

அரைப்பேரைப் பற்றி இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். நேரம் நின்றும் குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு; அதனால் மூளும் சச்சரவும் உண்டு. ஆகவே ஏட்டில் ½ என்று மட்டும் இருந்தால், அது அரைநாள் நின்றதாலா, கிலோ குறைந்ததாலா என்பது தெரியாது. ஒழுங்கான கந்தோரில் இரண்டையும் வேறுபடுத்த ஒரு சிறு குறி இடுவர். குறி இல்லாத ஏட்டில் சரிபார்ப்பவர் ஒவ்வோர் அரைப்பேருக்கும் காரணம் கேட்பதே முறை.

இரண்டாவது பிழை கழிவு நிரலில் இருக்கிறது. எம் அபிப்பிராயத்தில் செக்ரோலில் மிகக் கவனமாகப் பார்க்கவேண்டிய பகுதி இதுவே. நாள் குறைந்தால் தொழிலாளிக்கு உடனே தெரியும், விரல்விட்டு எண்ணிவைத்திருப்பார். கடன் எவ்வளவு தீர்ந்தது என்பது அவ்வளவு எளிதில் நினைவில் நிற்பதில்லை.

147ஆம் எண்ணுக்குரியவர் தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் 20,000 ரூபா. மாதம் 2,500 வீதம் எட்டுத் தவணையில் கழிப்பதாக ஏற்பாடு. நாம் பார்க்கும் மாதத்தில் கழித்திருப்பது ஒன்பதாவது தவணை. செக்ரோலை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை; ஏனெனில் அந்தத் தாளில் இந்த மாதக் கழிவு 2,500 என்று இருக்குமேயன்றிக் கடனின் மிகுதி எவ்வளவு என்று இராது. முற்பணப் பதிவேடு என வேறொரு புத்தகம் இருக்கிறது. அதில் வாங்கிய திகதி, தொகை, கைநாட்டு அல்லது கையெழுத்து, மாதாமாதம் கழித்தது, மிகுதி எல்லாம் வரிசையாக இருக்கவேண்டும். எட்டாந் தவணையோடு மிகுதி பூச்சியமாகிவிட்டதை அங்கே காணலாம். சென்ற மாதத்துக் கழிவுப் பட்டியலைப் பார்த்து அப்படியே இந்த மாதத்துக்கும் எழுதிக்கொண்டு போகும் பழக்கத்தால் நேரும் பிழை இது. கணினி வைத்த கந்தோரிலும், தவணை எங்கே முடிகிறது என்பதைப் பதியாமல் விட்டால் இதுவே நேரும்.

ஆகையால் கழிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்தப் பணத்தை இவர் வாங்கினார் என்பதற்கு அவருடைய கையெழுத்து எங்கே? இதற்குமுன் எவ்வளவு கழித்தாயிற்று? இந்த மாதக் கழிவுக்குப்பின் எவ்வளவு நிற்கிறது? மூன்றுக்கும் விடை கிடைக்காத கழிவைக் கழிவாக ஏற்கக்கூடாது. மாத நடுவில் கொடுக்கும் சில்லறை முற்பணத்துக்கும் இது பொருந்தும். அன்று பணம் வாங்கியவர்களின் பட்டியலில் உள்ள மொத்தமும், செக்ரோலில் முற்பண நிரலின் அடியில் உள்ள மொத்தமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஏட்டில் கூடுதலாக இருந்தால் வாங்காத ஒருவரிடம் கழித்திருக்கிறார்கள். குறைவாக இருந்தால் வாங்கிய ஒருவரை விட்டுவிட்டார்கள். பின்னது அந்த மாதத்தில் இனிக்கும். அடுத்த மாதத்தில் இரண்டு மடங்காய்க் கழியும்போது கசக்கும்.

நோய் காரணமாக ஏழெட்டுப் பேர் மட்டும் விழுந்த மாதத்தில் சம்பளத்தைவிடக் கழிவு கூடிவிடுவதும் உண்டு. அப்போது கைக்கு ஒன்றும் வராது. குறைந்த தொகை கடனாக அடுத்த மாதத்து ஏட்டுக்கு எடுத்துச் செல்லப்படும். இந்த எடுத்துச் சென்ற தொகை சென்ற மாத ஏட்டின் கடைசி நிரலில் இருந்ததுதானா என்பதைப் பக்கத்தோடு பக்கம் வைத்துப் பார்த்தல் அவசியம். ஒரு மாதத்தின் ஈறும் அடுத்த மாதத்தின் தொடக்கமும் பொருந்தாத இடத்தில் கடன் தானாக வளரும்.

தோட்டங்களின் பழைய சரித்திரம் இங்கே நினைவுக்கு வராமல் இல்லை. இந்தியாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்த கங்காணிமார் வழிச்செலவென்றும் முற்பணமென்றும் கொடுத்ததெல்லாம் ஆளின் தலையில் கடனாக ஏறியது. அக்கடனைத் தீர்ப்பவர்களிடம் ஆட்களை விடுவதாக எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு தோட்டம்விட்டுத் தோட்டம் போயிற்று. அதனோடு ஆளும் போனார். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்பதைக் கடன்பட்டவர் கண்ணால் காணவில்லை. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அக்கால ஏட்டைச் சரிபார்த்தவர் வீத நிரலில் மூன்று வீதங்களையும் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நிலை 1984ஆம் ஆண்டிலேதான் வந்தது. மேலே நாம் காட்டிய ஒரே பெருக்கல் என்னும் குறுக்குவழி, அதற்கு முந்திய ஏட்டில் செல்லாது. இன்றும் மாத நடுவில் சம்பளம் உயர்த்தப்பட்டால் அந்த மாதத்து ஏட்டில் செல்லாது. உயர்வுக்கு முந்திய பேர்களையும் பிந்திய பேர்களையும் வேறுவேறாகப் பெருக்கவேண்டும்.

கங்காணியைப் பற்றிப் பேசுகையில் பென்ஸ் காசைச் சொல்லாமல் விடமுடியாது. தம் கூட்டத்து ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குச் சில சதம் கங்காணிக்குக் கிடைத்தது. பேர் கூடினால் காசு கூடும். பேரைக் கூட்டிக் காட்டும் ஆசை அங்கேதான் வேர்விட்டது. பென்ஸ் காசு இல்லாத எந்த வேலைத் தலத்திலும், ஏடு எழுதுபவரே சம்பளத்தையும் கொடுப்பவராக இருந்தால், அந்த ஆசை துளிர்க்க இடமுண்டு.

இல்லாத ஆளுக்குப் பேர் விழுவதைக் கூட்டலால் பிடிக்க முடியாது. பொய்ப்பேரும் ஒழுங்காகவே கூடும். அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. மெய்யான மனிதர் நோயுறுவார், கலியாணத்துக்குப் போவார், மழைநாளில் அரையோடு திரும்புவார். மாதந்தவறாமல் இருபத்தைந்து முழுப்பேர், ஓர் அரைகூட இல்லை, நிறைப் புத்தகத்தில் கிலோ இல்லை, சேமலாப நிதி எண் இல்லை, வருடம் முழுவதும் ஒரு சதம் முற்பணம் வாங்கவில்லை என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியில் கண்ணை நிறுத்தவேண்டும். தீபாவளிக்குக்கூட முற்பணம் கேட்காத தோட்டத் தொழிலாளியை நாம் இன்னும் சந்திக்கவில்லை! இறுதிச் சோதனை ஏட்டில் இல்லை, மலையில் இருக்கிறது. முன்னறிவிப்பின்றிப் பதினொரு மணியளவில் மலைக்குச் சென்று தலைகளை எண்ணி, அன்றே சிறு ஏட்டோடு ஒப்பிடவேண்டும். சம்பள நாளில், எழுதியவரல்லாத ஒருவர் எண்ணைக் கூப்பிட்டு ஆளை நேரில் கண்டு பணம் கொடுக்கவேண்டும். வராதவரின் பணத்தை அன்றே கந்தோருக்குத் திருப்பிக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இனி 147ஆம் எண்ணின் கணக்கை முடிப்போம். திருத்திய பின் பேர் 23. சம்பளம் 31,050 ரூபா. சேமலாப நிதி 2,484, முற்பணம் 5,000, சந்தா 200; கழிவு 7,684. கைக்கு வரவேண்டியது 23,366. ஏடு காட்டியதோ 20,245. வித்தியாசம் 3,121 ரூபா. ஒரு தவணை 2,500; அரைப்பேர் 675; அதிலிருந்து சேமலாப நிதிக்குப் போகவேண்டிய 54ஐக் கழித்தால் 621. இரண்டும் சேர்ந்து 3,121.

கைக்கு வரும் பணத்தோடு விஷயம் முடிவதில்லை. சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டுக் கொடுக்க, தோட்டம் தன் பங்காகப் பன்னிரண்டு சேர்க்கவேண்டும். அந்தப் பன்னிரண்டைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க உரிமை கிடையாது. ஆகவே தவறிய ஓர் அரைப்பேரால் அவர் பெயரில் சேரவேண்டிய 135 ரூபா நிதியில் சேராமல் நின்றது. இவற்றோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் நூற்றுக்கு மூன்று வீதம் செலுத்தும் 20 ரூபா 25 சதமும் உண்டு. சம்பளத்தைத் திருத்திவிட்டு நிதிப் பட்டியலைத் திருத்தாமல் விடும் கந்தோர்களும் இருக்கின்றன. திருத்தம் கேட்பவர் இரண்டையும் கேட்கவேண்டும்.

ஏட்டைத் திருத்தும் முறையொன்று இருக்கிறது. எழுதியதைச் சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, திருத்தியவர் திகதியோடு சுருக்கொப்பமிடவேண்டும். சுரண்டிய கட்டத்தைக் கண்டால், அதில் உள்ள எண் சரியாகவே இருந்தாலும் சரிபார்ப்பவர் நிறைப் புத்தகத்தைத் திறக்கவேண்டும்.

எஞ்சியிருப்பவர் 174ஆம் எண்ணுக்குரியவர். அவர் வேலை செய்யாத அரைநாளுக்கு 675 ரூபா அவர் கணக்கில் ஏறி, சேமலாப நிதி போக 621 அவர் கைக்குப் போக இருக்கிறது. சம்பளம் பத்தாந் திகதிக்கு முன் கொடுபடவேண்டியதாதலால், ஏடு சரிபார்க்கப்படுவது அதற்கு முந்திய சில நாட்களிலேதான். அந்த நாட்களுக்குள் பிழை அகப்பட்டால் இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு கோடு இழுப்பதோடு காரியம் முடிந்துவிடும். பணம் கைமாறிய பின் அகப்பட்டால், 147க்குரியதைத் தோட்டம் உடனே கொடுக்கவேண்டும். 174க்குரியவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அடுத்த சம்பளத்தில் கழித்துக்கொள்ளவேண்டும். அந்த 621 ரூபா அடுத்த மாதத்து ஏட்டில் எந்த நிரலில் எழுதப்படுகிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. முற்பண நிரலில் எழுதிவிட்டால், வாங்காத முற்பணம் ஒன்று அவர் பெயரில் பதிவேட்டில் முளைத்துவிடும்.